எழுத்தர் கிழித்த இரண்டு பக்கம்

சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் என் அலுவலகத்துக்கு 2024 செப்டம்பரில் ஓர் எழுத்தர் வந்தார். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பொருள் கம்பெனியில் ஆறு வருட வேலை. பத்து நிமிடம் தாமதமானால் அரைநாள் சம்பளம் போகும். எல்லாரும் பார்க்க வாடா போடா என்று ஏசுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும். "ராத்திரி தூக்கமே வர்றதில்ல சார், எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். கையில் இரண்டு பக்க ராஜினாமா கடிதம் இருந்தது.

படித்தேன். அவர் பட்டது அத்தனையும் அதில் இருந்தது. நடுவே ஒரு வரி: "நீங்கள் சொன்னதால்தான் பில்களில் தேதியை மாற்றி எழுதினேன்." கோபத்தில் எழுதிய அந்த வரியை நாளை யாராவது எடுத்து நீட்டினால், முதலாளி சொன்னதற்குச் சாட்சி இருக்காது. மாற்றியது யார் என்பதற்கு இவர் கையெழுத்தே சாட்சி. கடைசியில் "இனி ஒரு நிமிஷம்கூட அங்கே வரமாட்டேன்" என்று முடித்திருந்தார். அவருடைய நியமன உத்தரவிலோ ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் பிடித்தம் என்று இருந்தது. அந்த வாக்கியத்துக்கு விலை ஒரு மாதச் சம்பளம்.

பேசிப் பேசி, கடைசியில் அவரே எழுதியது இது:

"ஐயா, தங்கள் நிறுவனத்தில் 4.6.2018 முதல் எழுத்தராகப் பணிபுரிகிறேன். என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன். இக்கடிதத்தை ஒரு மாத முன்னறிவிப்பாக ஏற்று, 10.10.2024 மாலை என்னைப் பணியிலிருந்து விடுவிக்கக் கோருகிறேன். அதற்குள் என் பொறுப்பிலுள்ள பேரேடுகள், பில் புத்தகங்கள், பீரோ சாவி ஆகியவற்றைத் தாங்கள் குறிப்பிடும் நபரிடம் ஒப்படைக்கிறேன். பேரேடு எழுத நான் கற்றது இங்கேதான். அதற்கு நன்றி."

கடைசி இரண்டு வரி அவருடைய யோசனை. அங்கே இருந்த வயதான கணக்கர் ஒருவர்தான் கற்றுக்கொடுத்தாராம். "அது நெசம் சார், அத மட்டும் எழுதறேன்" என்றார். எனக்கு அது பிடித்தது. இல்லாத பாசத்தைக் காட்டி நாலு வரி எழுதுவதைவிட, நடந்த ஒரு நல்லதைச் சொல்லிவிட்டு நிறுத்துவது மேல்.

இந்தக் கடிதத்தில் அதிகம் வேலை செய்வது தேதிகள்தான். சேர்ந்த நாளும் விலகும் நாளும் சேர்ந்து ஆறு வருடம் நாலு மாதம். ஐந்து வருடம் தாண்டியதால் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அவருக்கு 13,000 ரூபாய். அதை மாதத்தின் வேலை நாளான 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 500. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பதால் 7,500. ஆறு வருடத்துக்கு 45,000. மீதி நாலு மாதம் கணக்கில் வராது. ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால்தான் இன்னொரு வருடமாகச் சேரும். பி.எஃப். கணக்கில் ஏற்ற வேண்டிய விலகிய தேதிக்கும் இதே கடிதம்தான் ஆதாரம்.

கடிதத்தில் எழுதக்கூடாத ஒன்றும் உண்டு. "எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று சேர்க்கச் சொல்வார்கள். காசு கைக்கு வராமல் அதை எழுதாதீர்கள். பிறகு பணிக்கொடை கேட்டுப் போனால், முதலில் எதிரே வைக்கப்படுவது அந்த வரிதான்.

அதேபோல, மிரட்டி ராஜினாமா எழுதச் சொன்னால் "சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற இந்த மாதிரியே உதவாது. அங்கேயே கையெழுத்துப் போடாமல் வெளியே வந்து யாரிடமாவது கேளுங்கள். சம்பள பாக்கி, அடி, பாலியல் தொல்லை போன்றவற்றுக்கு ராஜினாமா கடிதம் இடமில்லை. அவற்றைத் தனி மனுவாக, விசாரிக்க வேண்டியவரிடம் கொடுக்க வேண்டும். இந்த எழுத்தருக்குப் புகார் கொடுக்க மனமில்லை, விலகினால் போதும் என்றிருந்தார். அது அவர் முடிவு. நான் வற்புறுத்தவில்லை.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனார். ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் வாங்கிவரச் சொல்லியிருந்தேன். தர மறுத்தால் அன்றே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னேன். அதற்குத் தேவை இருக்கவில்லை. முதலாளி நின்றபடியே படித்துவிட்டு, "சாவிய யார்கிட்ட குடுக்கப்போற?" என்று மட்டும் கேட்டாராம்.

ஒப்படைத்த பொருட்களுக்கும் பட்டியல் எழுதி, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தை வாங்கி வைத்தார். நவம்பர் முதல் வாரம் காசோலை வந்தது. தொகையைச் சரிபார்த்து, ரசீதில் "பணிக்கொடை ரூ.45,000" என்று தன் கையாலேயே எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பழைய இரண்டு பக்கத்தை என் மேஜைமேல் வைத்தே கிழித்தார்.