வாட்டர்ப்ரூஃபிங் திரவத்தைக் கூடுதலாக ஊற்றினால் ஒழுகாது என்று யார் சொன்னது?

"தாராளமாவே ஊற்றினோம் சார், அப்படியும் ஒழுகுது." கட்டி முடித்த வீடுகளைப் பார்க்கப் போகும்போது இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தாராளமாக ஊற்றியதுதான் பல இடங்களில் பிரச்சினையே.

சமீபத்தில் பார்த்த ஒரு கூரைத் தளத்தைச் சொல்கிறேன். மொத்தம் 40 மூட்டை சிமெண்ட். வாட்டர்ப்ரூஃபிங் டப்பாவில் 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி என்று போட்டிருந்தது. அப்படியானால் மொத்தத்துக்கும் 8 லிட்டர் போதும். ஆனால் காலியாகக் கிடந்தவை நான்கு 5 லிட்டர் டப்பாக்கள். மூட்டைக்கு அரை லிட்டர் போயிருக்கிறது, அதாவது இரண்டரை மடங்கு. அது போதாதென்று, கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரும் முழு அளவில் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டுமே லிக்னோசல்பொனேட் வகை. மரக்கூழ் ஆலைகளின் கழிவிலிருந்து எடுக்கும் இந்தப் பொருள் கலவையை இளக்கும். கூடவே சிமெண்ட் இறுகுவதையும் தாமதப்படுத்தும். அந்த வீட்டில் யாரும் இறுகலைத் தாமதப்படுத்தும் திரவமான ரிடார்டரை வாங்கவில்லை. ஆனால் இரண்டு டப்பாவும் சேர்ந்து ரிடார்டர் வேலையைச் செய்துவிட்டன. மறுநாள் காலையில் மேல்பரப்பு காய்ந்திருந்தது, நகத்தால் அழுத்தினால் உள்ளே இளகியிருந்தது. தளம் இறுகியது மூன்றாம் நாள்தான். அதற்குள் வெயிலும் காற்றும் மேல்பரப்பின் ஈரத்தை உறிஞ்சி, வலைப்பின்னலாக வெடிப்பு விட்டுவிட்டது. முதல் மழையில் தண்ணீர் இறங்கியது அந்த வெடிப்புகள் வழியாகத்தான்.

இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். கலவையில் சேர்க்கும் வாட்டர்ப்ரூஃபிங் திரவம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் நுண்துளைகள் வழியாக ஈரம் பரவுவதைக் குறைக்கும். அவ்வளவுதான். வெடிப்பை அது மூடாது. வைப்ரேட்டர் சரியாகப் போடாமல் ஜல்லிக்கு நடுவே விட்ட பொந்தை அடைக்காது. காலையில் பாதி, சாப்பாட்டுக்குப் பிறகு மீதி என்று போட்டதால் வந்த இணைப்புக் கோட்டை ஒட்டவைக்காது. பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் இறங்குவது இந்த மூன்று வழிகளில்தான். கலவைக்குள் திரவம் சேர்த்துவிட்டோம் என்பதற்காக மொட்டைமாடிக்கு வாட்டம் கொடுக்காமல், மேல்பூச்சு போடாமல் விடுவது தவறு.

இன்னொன்று: இந்தத் திரவங்கள் தரும் நன்மையில் பெரும்பகுதி தண்ணீரைக் குறைப்பதால் வருகிறது. சாதாரண பிளாஸ்டிசைசர் 5 முதல் 10 சதவீதம் வரை தண்ணீரைக் குறைக்க உதவும். மூட்டைக்கு 30 லிட்டர் தேவைப்பட்ட கலவை 27, 28 லிட்டரிலேயே அதே இளக்கத்தோடு வரும். அந்த இரண்டு மூன்று லிட்டரைக் குறைத்தால்தான் வலிமை கூடும், துளைகள் குறையும். மருந்தையும் ஊற்றி, பழையபடி பக்கெட் கணக்கில் தண்ணீரையும் ஊற்றினால், கலவை கஞ்சியாக ஓடும். ஜல்லி அடியில் தங்கும், நீர் மேலே மிதக்கும். வாங்கிய பொருளுக்குப் பலனே இல்லை. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதை மேஸ்திரியிடம் சொல்லுங்கள்.

ரிடார்டரைப் பொறுத்தவரை, கடும் வெயிலில் பெரிய தளம் போடும்போதும் கலவை தூரத்திலிருந்து வரும்போதும் அதற்கு வேலை உண்டு. வீட்டிலேயே கலந்து உடனே போடும் சின்னத் தளத்துக்கு, சிபாரிசு இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

அளவு ஜாடி ஒன்று மிக்ஸர் பக்கத்திலேயே இருக்கட்டும். டீ டம்ளரும் டப்பா மூடியும் அளவு இல்லை. காய்ந்த சிமெண்ட் மேல் நேராக ஊற்றாமல், கலவைக்கான தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்லுங்கள். மாலையில் காலி டப்பாக்களை எண்ணிப் பாருங்கள். மூட்டைக் கணக்கோடு பொருந்த வேண்டும். இரும்புக் கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குளோரைடு இல்லாத வகை மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் கம்பி துருப்பிடிக்கும்.

மறுநாள் தளம் இறுகவில்லை என்றால் பதறி உடைக்க வேண்டாம். மேலே நடக்காமல், பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரம் போகாமல் பாதுகாத்தால், தாமதமாகவாவது பெரும்பாலும் இறுகிவிடும். முட்டுகளை மட்டும் வழக்கமான நாள் கணக்கில் பிரிக்கக்கூடாது. மேலே சொன்ன வீட்டில், வலிமையைச் சோதிக்க அதே கலவையில் வார்க்கும் சோதனைக் கட்டிகளை எடுத்து வைக்கவே இல்லை. அதனால் தளத்திலிருந்தே துளையிட்டு மாதிரி எடுத்து, வலிமையைச் சோதித்த பிறகுதான் முட்டுகளை எடுக்கச் சொன்னேன். நீங்கள் தளம் போடும் அன்று ஆறு கட்டிகளாவது வார்த்து வையுங்கள்.

இரண்டு திரவங்களைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். அப்புறம், தளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே அதே சிமெண்ட், அதே மணல், அதே அளவு திரவத்தில் ஒரு சின்னக் கலவை கலந்து ஓரமாக வைத்து, எத்தனை மணி நேரத்தில் இறுகுகிறது என்று பார்த்துவிடுங்கள்.