ரிமோட் ஏன் 38 கிலோ ஹெர்ட்ஸில் மினுக்குகிறது?

சித்திரை மாதம், நண்பகல், மதுரையில் ஜன்னல் திறந்து கிடக்கும் ஒரு ஹால். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு. அது சுவரில் பட்டுச் சிதறி டிவியின் மீதும் விழுகிறது. நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து நாம் அமுக்கும் ரிமோட்டின் ஒளி அதற்குமுன் ஒன்றுமே இல்லை. இருந்தும் சேனல் மாறுகிறது.

வெயில் மினுக்காது என்பதுதான் காரணம். ரிமோட் முனையிலுள்ள எல்.இ.டி. 940 நானோமீட்டர் அலைநீள ஒளியை நொடிக்கு 38,000 முறை அணைத்து அணைத்துப் போடுகிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு இரைச்சலிலும் கண்டக்டரின் விசில் தனியாகக் காதில் விழுமே, அதுபோலத்தான். சத்தம் பெரிதாக இருக்கவேண்டியதில்லை, சுருதி வேறாக இருந்தால் போதும். இந்த 38 கிலோ ஹெர்ட்ஸ்தான் செய்தியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலை. பழைய ரிமோட்டுகளில் 455 என்று அச்சிட்ட சின்ன செராமிக் ரெசனேட்டர் இருக்கும், துடிப்பின் வேகத்தை நிர்ணயிப்பது அதுதான். அதன் 455 கிலோ ஹெர்ட்ஸை 12ஆல் வகுத்தால் 37.9 வரும்.

செய்தி அந்த மினுக்கலில் இல்லை, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் இருக்கிறது. பரவலாகப் புழங்கும் என்.இ.சி. என்ற குறியீட்டு முறையில் முதலில் 9 மில்லிநொடி தொடர் மினுக்கல், பிறகு 4.5 மில்லிநொடி மௌனம். 'தயாராகு' என்பதற்கான அடையாளம் அது. அடுத்து ஒவ்வொரு பிட்டும் சுமார் 0.56 மில்லிநொடி மினுக்கலுடன் தொடங்கும். அதற்குப் பின் வரும் மௌனமும் அதே அளவு என்றால் 0, மூன்று மடங்கு என்றால் 1. அந்த 0.56 மில்லிநொடிக்குள் ஊர்தி அலை 21 சுற்று சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் எல்.இ.டி. எரிகிறது. பாட்டரி மாதக்கணக்கில் தாங்குவதில் இதற்கும் பங்குண்டு.

டிவி பக்கம் இருப்பது மூன்று கால் உள்ள கறுப்பு ரிசீவர். கடைகளில் டி.எஸ்.ஓ.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே ஒளியை மின்னோட்டமாக்கும் டயோடு, பெருக்கி, அதற்குப் பின் 38 கிலோ ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள சிறு பட்டையை மட்டும் விடும் வடிகட்டி. மாறாத வெயில் இங்கேயே நின்றுபோகும். குண்டு பல்பு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கினாலும் அதுவும் தாண்டாது. வடிகட்டி குறுகலாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. அது தூண்டப்பட்டு நிமிர்வதற்கே சில சுற்றுகள் பிடிக்கும். பல ரிசீவர்கள் குறைந்தது 10 சுற்றாவது கேட்பது அதனால்தான். 21 சுற்று அனுப்பும்போது தாராளமாகப் போதும்.

இனி சிக்கலுக்கு வருவோம். திருநகரில் ஒரு வீட்டில் சாயங்காலம் ஹால் லைட்டைப் போட்டதும் ரிமோட் படுத்துவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகச் சரியாகும். பாட்டரி மாற்றினார்கள், ரிமோட்டையே மாற்றினார்கள், பலனில்லை. குற்றவாளி சி.எஃப்.எல். பல்பு. அதன் உள்ளேயுள்ள மின்னணு சோக் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் இயங்குவதால், ஒளியும் ரிமோட்டின் அலைவரிசைக்குப் பக்கத்திலேயே மினுக்கலாம். பல்பு குளிர்ந்திருக்கும்போது பாதரச ஆவி போதாது. அதனால் உள்ளேயுள்ள ஆர்கான் வாயு 912 நானோமீட்டரை ஒட்டி, அதாவது ரிமோட்டின் 940க்குப் பக்கத்திலேயே, நன்றாக ஒளிர்கிறது. பல்பு சூடேறியதும் பாதரசம் மேலோங்க, ஆர்கானின் ஒளி அடங்கிவிடுகிறது.

ரிசீவரும் தன் பங்குக்கு ஒன்று செய்யும். இடைவெளியே இல்லாமல் ஒரு மினுக்கல் வந்துகொண்டிருந்தால் அதைச் செய்தியாக நினைக்காது. இரைச்சல் என்று முடிவெடுத்துப் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ரிமோட்டின் ஒளியும் சேர்ந்தே மங்கிப்போகும். எனவே லைட்டை அணைத்துவிட்டு அமுக்கிப் பாருங்கள். உடனே வேலை செய்தால் பல்புதான் காரணம். எல்.இ.டி. பல்புக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும், அவற்றின் ஒளியில் அகச்சிவப்பு மிகக் குறைவு.

பகலிலும் பக்கத்தில் போனால்தான் வேலை செய்கிறது என்றால் வேறு நோய். செல்போனின் முன்பக்கக் கேமராவில் ரிமோட்டைப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் பாட்டரி. பளிச்சென்று ஊதாவாக எரிந்தும் எட்டவில்லை என்றால் அலைவரிசை பொருந்தாமல் இருக்கலாம். 36 கிலோ ஹெர்ட்ஸ் ரிமோட்டை 38க்கான ரிசீவர் அடியோடு ஒதுக்காது, வடிகட்டியின் சரிவில் பாதி வலுவோடு வாங்கிக்கொள்ளும். அதனால் குறியீடு சரியாக இருந்தும் தூரம் மட்டும் குறையும். டிவி பழுதாகி ரிசீவரை மாற்றும்போது மெக்கானிக் கையில் கிடைத்ததைப் போட்டாலும் இதே கதைதான். அதன் முகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பல வகைகளில் அலைவரிசையையே சொல்லும்: 1736 என்றால் 36, 1738 என்றால் 38.