இறப்பைச் சொல்லும் வாக்கியமும் கேஸ் பேப்பரில் எழுதும் குறிப்பும்

மும்பையில் நான் பணியாற்றிய அவசர சிகிச்சைப் பிரிவுகளில், ஓர் இறப்புக்குப் பிறகு கேஸ் பேப்பரில் அடிக்கடி பார்த்த வரி 'உறவினர்களுக்கு விளக்கப்பட்டது' என்பதுதான். யாருக்கு, யார், எந்த மொழியில், எத்தனை மணிக்குச் சொன்னார், அவர்கள் என்ன கேட்டார்கள் என்ற எந்த விவரமும் அதில் இருக்காது. சில வாரங்கள் கழித்துக் குடும்பத்தினர் பதிவேட்டின் நகலைக் கேட்டால், மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் அதை அவர்களிடம் கொடுத்தாக வேண்டும். தங்களிடம் சொல்லப்பட்டதும் தாளில் எழுதப்பட்டதும் ஒன்றுதானா என்று அவர்கள் பார்ப்பது அப்போதுதான்.

அடையாளங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். தாராவியில் வசிக்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை நள்ளிரவு 1.20க்கு நெஞ்சு வலியோடு கொண்டுவந்தார்கள். நாடித்துடிப்பு இருந்தது; ஈசிஜி மாரடைப்பைத் தெளிவாகக் காட்டியது. 1.35க்கு இதயம் நின்றது. வெளியே மனைவியும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகனும், மனைவியின் அண்ணனும் காத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சந்தையில் பேசும் அளவுக்கு இந்தி தெரியும். கணவரின் நிலையைப் புரிந்துகொள்ள அது போதாது.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே 1.50க்கு மருத்துவர் ஒருவர் வெளியே வந்து, "அவர் இதயம் நின்னுடுச்சும்மா. திரும்ப ஓட வைக்க முயற்சி பண்ணிட்டு இருக்கோம். பிழைக்காமப் போகவும் வாய்ப்பு இருக்கு" என்று சொன்னார். முப்பது நொடிகூட ஆகாத அந்தப் பேச்சு, பின்னால் வரும் செய்தியைக் கேட்கும் மனநிலையை ஓரளவு உருவாக்குகிறது. அது நடக்காத இடங்களில், "உள்ளே போகும்போது பேசிட்டுத்தானே போனார்" என்ற கேள்வி சினமாக வெடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2.18க்கு நாடி, இதய ஒலி, மூச்சு எதுவும் இல்லை என்பதையும், கண்மணிகள் ஒளிக்குச் சுருங்கவில்லை என்பதையும், ஈசிஜி நேர்கோடாக இருப்பதையும் உறுதி செய்து இறப்பு அறிவிக்கப்பட்டது. சிகிச்சைக்குத் தலைமை வகித்த மருத்துவரும் ஒரு செவிலியரும் குடும்பத்தைத் தாழ்வாரத்திலிருந்து ஓர் அறைக்கு அழைத்து உட்கார வைத்தார்கள். முதலில் நோயாளியின் முழுப் பெயரைச் சொல்லி, "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். ஒரே இரவில் இரண்டு முருகன்கள் வந்து சேரும் வார்டில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது.

மகனுக்கு இந்தி, மராத்தி, தமிழ் மூன்றும் சரளம் என்பதால் அவனையே மொழிபெயர்க்கச் சொல்லும் எண்ணம் எழுந்தது. அதைச் செய்யக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். தந்தையின் இறப்பைத் தாய்க்குத் தன் வாயால் சொல்லும் பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை மேல் ஏற்றுவது கொடுமை; மேலும் அவன் எதைச் சொன்னான், எதை விழுங்கினான் என்பது நமக்குத் தெரியாது. தமிழ் பேசும் செவிலியரோ வேறு ஊழியரோ இல்லையென்றால், தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவரைப் போனில் ஒலிபெருக்கியில் பேச வைக்கலாம். அன்று தமிழ்ச் செவிலியர் இருந்தார்.

அவர் சொன்ன வாக்கியங்கள் இவை: "அம்மா, ரொம்பக் கஷ்டமான விஷயம் சொல்லப் போறேன். உங்க வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து இதயம் நின்னு போச்சு. நாங்க செஞ்ச சிகிச்சைக்கு அது திரும்ப ஓடல. அவர் இறந்துட்டாரும்மா." முதல் நான்கு வாக்கியங்களுக்குள் 'இறந்துட்டார்' என்ற சொல் வந்துவிட வேண்டும். 'எல்லாம் முடிஞ்சுபோச்சு' என்றால் சிகிச்சை முடிந்தது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 'நம்ம கையில இல்ல' என்பது இன்னும் நம்பிக்கை இருப்பதுபோல் ஒலிக்கும். 'தவறிட்டார்' என்பது பெரியவர்களுக்குப் பளிச்சென்று புரியும். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் புரியாமல் போகலாம். சொன்ன பிறகு பேச்சை நிறுத்த வேண்டும். அழுகையின் நடுவே பிரேதம் எப்போது கிடைக்கும், எந்தக் கவுண்ட்டரில் கையெழுத்து என்றெல்லாம் தொடங்கினால் ஒன்றும் காதில் ஏறாது.

சிறிது நேரம் கழித்து அந்த அம்மா கேட்டார்: "சாயங்காலமே நெஞ்சு எரியுதுன்னார். நான்தான் வாயு மாத்திரை குடுத்தேன். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?" முன்பே வந்திருக்கலாம் என்பதும் தவறான பதில், எப்போது வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்பதும் நமக்குத் தெரியாததைச் சொல்வது. மருத்துவர் சொன்ன பதில்: "மாரடைப்பு பல பேருக்கு வாயுத் தொல்லை மாதிரிதான் ஆரம்பிக்கும். அப்ப வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. வலி கூடினதும் நீங்க உடனே கூட்டிட்டு வந்தீங்க." மூன்று வாக்கியங்களும் உண்மை, பின்னால் எவரும் மறுக்க முடியாதவை.

இனி பதிவு. இறப்பு அறிவிப்புக் குறிப்பு வேறு, உரையாடல் குறிப்பு வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். முதலாவதில் பரிசோதித்துக் கண்டவையும் 2.18 என்ற நேரமும் இருக்கும்; ஈசிஜி தாளில் பெயரும் நேரமும் எழுதி இணைக்கப்படும். இரண்டாவது ஏறத்தாழ இப்படி அமையும்:

"காலை 2.30. மனைவி, மகன் (வயது 15), மனைவியின் அண்ணன் ஆகியோரிடம் தனி அறையில் தமிழில் தெரிவிக்கப்பட்டது. பேசியவர் பணிச் செவிலியர், உடனிருந்தவர் நான். மாரடைப்பால் இதயம் நின்று இறந்துவிட்டார் என்று சொல்லப்பட்டது. 1.50க்கே நிலை மோசம் என்று கூறப்பட்டிருந்தது. மாலையே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மனைவி கேட்டார். உறுதியாகச் சொல்ல இயலாது என்று பதிலளித்தேன். 2.50க்குக் குடும்பத்தினர் உடலைப் பார்த்தனர். மோதிரம் ஒன்றும் கைப்பேசியும் மனைவியின் அண்ணனிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கப்பட்டன."

மாலையில் எரிச்சல் தொடங்கியது என்பது நோய் வரலாற்றில் இருக்க வேண்டிய தகவல். 'உறவினர்கள் தாமதித்தனர்' என்பது தீர்ப்பு; அதற்குக் கேஸ் பேப்பரில் இடமில்லை. 'உறவினர்கள் முழுத் திருப்தி அடைந்தனர்' என்ற வரியும் அப்படித்தான். அடுத்தவர் மனத்தைப் பற்றிய நம் ஊகம் அது. பின்னால் நகலைப் படிக்கும் மகனை அது புண்படுத்தும்.

இறப்புக் காரணச் சான்றான படிவம் 4இலும் அதே காரணம் வர வேண்டும். முதல் பகுதியில் தீவிர மாரடைப்பு, அதன் அடியில் இதயத் தமனி நோய். இரண்டாம் பகுதியில் அவருக்கு முன்பே இருந்த சர்க்கரை நோய். 'இதய சுவாச நிறுத்தம்' என்று மட்டும் எழுதுவது காரணமாகாது. எல்லா இறப்பிலும் நடப்பது அதுதான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்தச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கும் கட்டணமின்றித் தர வேண்டும். ஆகவே, வாயால் மாரடைப்பு என்று சொல்லிவிட்டுத் தாளில் வேறொன்று எழுதினால் உடனே தெரிந்துவிடும். காரணம் நமக்கே தெளிவாகாத இறப்பிலும், விபத்தோ நஞ்சோ இருக்கலாம் என்ற ஐயம் உள்ள இறப்பிலும் ஊகித்துச் சான்று எழுதக் கூடாது. போலீசுக்குத் தகவல் போக வேண்டும், பிரேதப் பரிசோதனை தேவைப்படலாம் என்பதை அதே அறையில் குடும்பத்திடம் சொல்லி, சொன்னதையும் எழுத வேண்டும்.

நெரிசலான இரவில் குறிப்பு எழுத விடியற்காலை ஐந்து மணி ஆகிவிடலாம். அப்போது 2.30க்கே எழுதியதுபோல் காட்டாமல், 'தாமதக் குறிப்பு, எழுதிய நேரம் 5.05, நிகழ்ந்த நேரம் 2.30' என்று தொடங்க வேண்டும். பிழை நேர்ந்தால் எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் கையொப்பமும் நேரமும் இட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. ஷிப்ட் முடிவதற்குள் செவிலியர் குறிப்பின் நேரங்களோடு ஒருமுறை ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் எவருடைய குறிப்பையும் திருத்தாமல், எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது என்று தன் குறிப்பின் கீழ் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.