வாழ்த்துகளின் புள்ளி எங்கே போனது?

திருநாளுக்குத் தம்பி மகளுக்குச் செயலி வழியாகப் பணம் அனுப்பினாராம் ஒரு வாசகர். விளக்குப் படம் போட்ட உறையில் வைத்து, “இனிய திருநாள் வாழ்த்துகள்” என்று எழுதியும் இருந்தார். அவள் வைத்திருப்பது வேறு செயலி. பணம் முழுதாக வந்தது, படம் வரவில்லை. வாழ்த்தும் “வாழ்த்துகள�” என்று, கடைசிப் புள்ளிக்குப் பதில் ஒரு கருப்பு வைரத்தோடு வந்திருக்கிறது. ஏன் என்று கேட்கிறார்.

படத்தின் கதை எளிது. அந்த உறை பணத்தோடு போவதே இல்லை. அனுப்பும் செயலியின் சர்வரில் இருந்துகொண்டு, அதே செயலி வைத்திருப்பவருக்கு மட்டும் காட்டப்படும். வங்கிக்கு வங்கி போகும் செய்தியில் தொகை, இருவரின் கணக்கு விவரம், அப்புறம் குறிப்புக்கென்று ஒரு சின்ன இடம், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ 20022 என்ற பன்னாட்டுத் தரத்தில் இந்தக் குறிப்பின் ஒரு வரிக்கு அதிகபட்சம் 140 குறிகள். வழியில் உள்ள மென்பொருள்கள் இதைவிடக் குறைவாக வைத்திருப்பதும் உண்டு.

இனி புள்ளிக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்த வாழ்த்தை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு 13 எழுத்துகள், 2 இடைவெளிகள். கணினியில் ஒவ்வொரு மொழியின் குறிகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு அப்படி எண்ணுவதில்லை. அதற்கு ‘ள்’ என்பது ‘ள’ ஒன்று, புள்ளி ஒன்று. ‘தி’ என்பது ‘த’வும் கொக்கியும். இப்படி எண்ணினால் மொத்தம் 25 குறிகள். அந்தக் குறிகளைக் கணினி பைட்டுகளாக எழுதி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், இடைவெளிக்கு 1 பைட். ஆக 23 × 3 + 2 = 71 பைட்.

வழியில் ஏதோ ஒரு பழைய மென்பொருள் குறிகளை எண்ணாமல் பைட்டை எண்ணி, 70-உடன் வெட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் இரண்டுதான் போய்ச் சேரும். அரைகுறையாக வந்ததைப் படிக்கத் தெரியாத திரை, “இங்கே ஏதோ உடைந்திருக்கிறது” என்பதற்கான � குறியைப் போடும். பைட்டுக்குப் பதில் 24 குறிகளில் வெட்டியிருந்தால் வைரம்கூட இருக்காது. சத்தமில்லாமல் “வாழ்த்துகள” என்று நின்றிருக்கும். அதாவது வைரம் வந்தால் பைட் வெட்டு, வெறுமனே புள்ளி போனால் குறி வெட்டு என்று ஊகிக்கலாம். தமிழ் எழுத்துகள் எல்லாமே கேள்விக்குறிகளாக வந்தால் அது நீளக் குறையே இல்லை. வழியில் ஒரு மென்பொருளுக்குத் தமிழே தெரியாது என்று பொருள்.

ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்கு ஒரு பைட்தான். “Test” என்று அடித்துச் சோதிப்பவருக்கு இந்தத் தவறு கண்ணிலேயே படாது. சோதிக்கும்போது ஒரு முறை ‘வாழ்த்துகள்’ என்று அடிக்க என்ன கேடு என்பது என் ஆதங்கம்.

வாசகருக்கு: அடுத்த முறை “வாழ்த்துகள்” என்று மட்டும் எழுதுங்கள். 33 பைட்தான். படத்தைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.