பின்கழுத்துக் கட்டியும் இரண்டு கட்டைவிரல்களும்

இந்த வாரமும் ஒருவர் தலையைத் திருப்ப முடியாமல் வந்தார். நாற்பதுகளில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநர். பின்கழுத்தில், சட்டைக் காலர் உரசும் இடத்தில் மிளகளவு சிவந்து கிளம்பிய கட்டி. மூன்றாம் நாள் வெள்ளை முனை தெரிந்ததும் அவருடைய மைத்துனர் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துப் பிதுக்கியிருக்கிறார். "சீழும் ரத்தமும் கொஞ்சம் வந்தது டாக்டர், முளைதான் வரவில்லை" என்றார், அது மட்டும் பாக்கி என்பது போல. மேலே சுண்ணாம்பும் சோப்பும் குழைத்த பூச்சு காய்ந்து வெடித்திருந்தது. கழுவி எடுத்தால், எலுமிச்சம்பழ அகலத்துக்குக் கன்றிச் சிவந்த வீக்கம். அதில் நாலைந்து துளைகள், ஒவ்வொன்றிலும் சீழ். ராஜபிளவை.

முளையைப் பிதுக்கி எடுத்தால் கட்டி வேரோடு போய்விடும் என்ற நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. கட்டியைச் சுற்றி உடம்பே ஒரு சுவர் எழுப்பிக் கிருமியை உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. நீங்கள் அழுத்தும்போது மேலே வரும் சொட்டைத்தான் பார்க்கிறீர்கள். அந்தச் சுவர் உடைந்து கீழேயும் பக்கவாட்டிலும் பரவுவது கண்ணுக்குத் தெரியாது. பின்கழுத்தில் தோல் தடிமன், அடியில் இறுக்கமான நார்த்திசு. சீழால் நேராக மேலே வர முடியாது. கொழுப்பின் இடுக்குகளில் புகுந்து அக்கம்பக்கத்து மயிர்க்கால்களையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு கட்டி நாலைந்து வாய் வைத்தது. மூக்கின் மேலோ மேலுதட்டிலோ வந்த கட்டி என்றால் இன்னும் மோசம். அங்கிருந்து ரத்தக் குழாய்கள் வழியாகக் கிருமி மூளையை ஒட்டிய நாளம் வரை போகும் வழி உண்டு. அபூர்வம்தான், ஆனால் உயிரை எடுக்கும். முகத்துக் கட்டியில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். ஊசியால் குத்துவதும் பிதுக்குவதற்குச் சமம்தான்.

சுண்ணாம்புக்கும் ஒரு வார்த்தை: அது கட்டியைப் பழுக்க வைப்பதில்லை, தோலைப் பொசுக்குகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது வெந்நீர் ஒத்தடம் மட்டும். சுத்தமான பருத்தித் துணியைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் நனைத்துப் பிழிந்து கட்டியின் மேல் வையுங்கள், அழுத்த வேண்டாம். ஆறியதும் மறுபடி நனையுங்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. இரண்டே நாளில் அலுத்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். தோல் மரத்துப்போனவர்களுக்கு நீரின் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தானாக உடைந்தால் துடைத்து, கட்டுப் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தத் துண்டை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது.

சிறிய கட்டிகள் பெரும்பாலும் இப்படியே ஆறிவிடும். ஒரு வாரமாகியும் அடங்காமல் பெரிதாகிக்கொண்டே போனாலோ, தொட்டால் நடுவில் தண்ணீர்ப் பை போல மெத்தென்று அமுங்கினாலோ, சீழ் தேங்கிவிட்டது. கீறி வெளியேற்ற வேண்டும். மெடிக்கல் கடையில் வாங்கிய நாலு மாத்திரை அங்கே எடுபடாது. சீழ்க்குளத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எந்த வழியாகப் போகும்? நாங்கள் மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, உள்ளே இருக்கும் அறைகளை எல்லாம் திறந்து, உப்புநீரால் கழுவி விடுகிறோம். வீங்கிப் பழுத்த இடத்தில் அந்த ஊசி அரைகுறையாகத்தான் வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னதாகவே வந்தால் அந்த வலியும் குறைவு. பெரிய குழி என்றால் மருந்துத்துணி வைப்போம். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிடாமல் அடியிலிருந்து ஆற வேண்டும் என்பதற்காக.

காய்ச்சல், குளிர் நடுக்கம், சிவப்பு நாளுக்கு நாள் விரிவது (சுற்றிலும் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தால் தெரியும்), அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது, முகத்துக் கட்டியோடு கண் வீங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வாருங்கள். ஆசனவாய் அருகே வலியோடு வரும் கட்டி, சர்க்கரை நோயாளிக்கோ கைக்குழந்தைக்கோ வரும் கட்டி ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியமே வேண்டாம். ஆசனவாய்க் கட்டி பழுக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு பவுத்திரத்தோடு வருபவர்களையும் பார்க்கிறோம்.

ஓட்டுநருக்குச் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு அது தெரியாது. "உடம்புச் சூடு, மாம்பழம் அதிகம் சாப்பிட்டுவிட்டேன்" என்றுதான் நினைத்திருந்தார். மயக்கம் கொடுத்துச் செத்த திசுவை அகற்றினோம். இன்சுலினும் ஆன்டிபயாடிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. தினமும் கட்டு மாற்ற வருகிறார், குழி ஆற வாரக்கணக்கில் ஆகும். அடுத்தடுத்துக் கட்டி வருகிறவர்கள் எதைத் தின்றோம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, நாளைக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.