முகப் படத்தில் பொருந்திய ஃப்ரேம் மூக்கில் ஏன் வழுக்குகிறது?

மூக்குக்கண்ணாடியை முகப் படத்தில் மாட்டிக் காட்டும் செயலியில், உங்கள் படத்தின் மேல் ஃப்ரேம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். அதையே வாங்கி மாட்டினால் நெற்றியின் இரு பக்கப் பொட்டுகளிலும் அழுத்தும், அல்லது மூக்கில் இறங்கி வரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் படத்தில் இருக்கிறது. புகைப்படத்தில் பிக்சல் உண்டு, மில்லிமீட்டர் கிடையாது. அருகில் நிற்கும் சிறிய முகமும் தள்ளி நிற்கும் பெரிய முகமும் அதில் ஒரே அளவாகத் தெரியும்.

அதனால் முகத்திலேயே அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும். இயற்கை அப்படி ஒன்றைக் கொடுத்திருக்கிறது: கருவிழி. பெரியவர்களிடம் அதன் கிடைமட்ட விட்டம் சராசரியாக 11.7 மி.மீ. முகத்தின் மற்ற அளவுகளோடு ஒப்பிட்டால், ஆளுக்கு ஆள் இது மாறுவது குறைவு. பெரும்பாலும் அரை மி.மீ. முன்பின்தான். மேலே இமை மறைத்துக்கொள்ளும் என்பதால் இடவலமாகத்தான் அளக்க வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கையை நீட்டி, சுமார் 40 செ.மீ. தூரத்தில் எடுத்தது. கருவிழி 44 பிக்சல் அகலம். 11.7-ஐ 44-ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.266 மி.மீ. கண்மணிகளுக்கு இடையே 233 பிக்சல் என்றால் 62 மி.மீ.; நம்பும்படியான எண். ஒரு பொட்டிலிருந்து மறு பொட்டு வரை 500 பிக்சல், அதாவது 133 மி.மீ. செயலி 134 மி.மீ. அகல ஃப்ரேமைப் பரிந்துரைக்கிறது. படத்தில் அழகாகவே இருக்கிறது.

ஆனால் அந்த 133 தவறு. 0.266 என்ற கணக்கு கருவிழி இருக்கும் தளத்துக்கு மட்டுமே செல்லும். பொட்டு அதற்குப் பின்னால், சுமார் 25 மி.மீ. தள்ளி இருக்கிறது. தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பதால் 133-ஐ 425/400-ஆல் பெருக்க வேண்டும். வருவது 141 மி.மீ. ஃப்ரேமோ கண்ணுக்கு முன்னால் சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, உண்மையில் அது 3 சதவீதம் பெரிதாகத் தெரிய வேண்டும். படத்தின் மேல் தட்டையாக ஒட்டும் செயலி அதைச் சிறிதாக்கி வரைகிறது. முகம் குறுகித் தெரிய, ஃப்ரேமும் குறுகி வரையப்பட, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகின்றன. அந்தப் பொருத்தம்தான் நம்மை ஏமாற்றுகிறது. நிஜத்தில் 7 மி.மீ. போதாமல், காதில் மாட்டும் கம்பிகள் வெளிப்பக்கம் வளைந்து பொட்டில் தடம் பதிக்கும்.

இதே முகத்தை ஒரு மீட்டர் தள்ளி எடுத்தால் பிழை 2.5 சதவீதமாக, சுமார் மூன்றரை மி.மீ.யாகக் குறையும். ஆனால் கருவிழி பிக்சலில் சுருங்கும். 44 பிக்சலில் ஒரு பிக்சல் தவறினாலே 2 சதவீதத்துக்கு மேல் பிழை. 18 பிக்சலில் அது 5 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே தள்ளி நின்று, ஜூம் செய்து, முழுத் தெளிவில் எடுத்த படமே சரியானது. கைநீட்டி எடுத்த செல்ஃபியை வைத்து அகலம் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

மூக்கு இன்னும் கடினம். ஃப்ரேமின் உட்புறம் 52□18 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 52 லென்ஸின் அகலம், 18 இரு லென்ஸ்களுக்கு இடையிலான பிரிட்ஜ். செயலி முகத்தில் மூக்குத் தண்டின் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, எந்த ஃப்ரேமானாலும் பிரிட்ஜை அங்கேயே வைத்துவிடுகிறது. நிஜ ஃப்ரேம் அப்படி நிற்காது. மூக்கின் அகலம் தன் இடைவெளிக்குச் சமமாகும் இடம் வரை கீழே இறங்கும்.

ஒருவரின் மூக்கு 10 மி.மீ. கீழே வரும்போது இரு பக்கமும் சேர்த்து 6 மி.மீ. அகலமாகிறது என்று வைப்போம். பிரிட்ஜ் 2 மி.மீ. அதிகமாக இருந்தால் ஃப்ரேம் மூன்று மி.மீ.க்கு மேல் இறங்கும். லென்ஸின் மையமும் கூடவே இறங்கும். மேலே தூரப் பார்வைக்கும் கீழே படிக்கவும் என அமைந்த புரோகிரெசிவ் லென்ஸ் போட்டவர் படிக்கும் பகுதியை எட்ட முகவாயைத் தூக்க வேண்டியிருக்கும். சிரித்தால் கன்னம் விளிம்பில் இடித்து ஃப்ரேம் மேலே எழும்பும்.

நேர்முகப் படத்தில் இந்தச் சரிவு தெரிவதில்லை. மூக்கின் பக்கங்களுக்கு அங்கே கோடு கிடையாது, நிழல் மட்டுமே. செயலி சராசரி முகத்தை வைத்து ஊகிக்கிறது. தண்டு தாழ்ந்த மூக்குகளில் அந்த ஊகம் அதிகம் பிசகும். முகத்தைப் பாதி திருப்பி இன்னொரு படம் எடுத்தால் தண்டின் உயரமாவது கிடைக்கும்.

கம்பியில் நோஸ் பேட் வைத்த உலோக ஃப்ரேம் என்றால் கடையில் வளைத்து ஓரிரு மி.மீ. சரிசெய்யலாம். பேடும் உடலும் ஒன்றாக வார்த்த பிளாஸ்டிக் ஃப்ரேமில் அந்த வசதி இல்லை. அதற்குப் பக்கவாட்டுப் படம் இல்லாமல் பொருத்தம் சொல்ல வேண்டாம். ஆளை வரவழைத்து மாட்டிப் பார்ப்பதே சரி.