விலக்கத் தகைவு: ‘டீவியேட்டோரிக்’ என்ற சொல்லும் அது செய்யும் வேலையும்

பொருள்களின் வலிமையைப் படிப்பவர்கள் ஒரு கட்டத்தில் ‘டீவியேட்டோரிக் ஸ்ட்ரெஸ்’ என்ற பெயரைச் சந்திப்பார்கள். லத்தீனில் ‘டே’ என்றால் விட்டு, ‘வியா’ என்றால் வழி. வழியை விட்டு விலகியது என்பதுதான் மூலப்பொருள். எதிலிருந்து விலகல்? சராசரியிலிருந்து.

ஒரு புள்ளியில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில், மூன்று முதன்மைத் தகைவுகள் இருக்கும். அவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரித் தகைவு. ஒவ்வொன்றிலிருந்தும் அந்தச் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது விலகிய பகுதி.

`σm = (σ1 + σ2 + σ3)/3`
`s1 = σ1 − σm`

மற்ற இரண்டுக்கும் இதே கணக்குதான். விலகிய பகுதிகள் மூன்றையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வரும்.

எஃகுக் கம்பி ஒன்றை 300 மெகாபாஸ்கல் தகைவில் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் ஒன்றும் இல்லை, ஆகவே 300, 0, 0. சராசரி 100. விலகிய பகுதி 200, −100, −100. ஒரே திசையில் இழுத்தாலும் அதற்குள் எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. சராசரிப் பகுதி கம்பியின் கன அளவை மட்டும் மாற்றும். விலகிய பகுதி அதை ஒரு பக்கம் நீட்டி, மற்ற பக்கங்களில் ஒடுக்கி, வடிவத்தை மாற்றும்.

இப்போது அதே கம்பியை 1000 மெகாபாஸ்கல் அழுத்தமுள்ள திரவத்துக்குள் வைத்து இழுப்போம். அழுத்தத்துக்குக் கழித்தல் குறி போட்டால், தகைவுகள் −700, −1000, −1000 ஆகின்றன. சராசரி −900. கழித்துப் பாருங்கள்: மறுபடி 200, −100, −100. விலகிய பகுதி அசையவே இல்லை. ஃபான் மீசஸ் 1913-இல் தந்த அளவுகோல் இந்தப் பகுதியை மட்டுமே பார்ப்பதால், இரண்டு நிலையிலும் அது 300 என்றே காட்டும். ஆகவே உலோகம் இளகத் தொடங்குவதும், அதாவது பட்டறையில் ‘யீல்டு’ ஆவது என்பார்களே அதுவும், ஏறக்குறைய ஒரே இழுப்பில்தான் நடக்கும்.

காரணம் படிகத்துக்குள் இருக்கிறது. உலோகம் நிரந்தரமாக உருமாறுவது அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால். வழுக்க வைப்பது சறுக்குத் தகைவு. எல்லாப் பக்கமும் சமமான அழுத்தத்தில் எந்தத் தளத்தை வெட்டிப் பார்த்தாலும் சறுக்குத் தகைவு இருக்காது.

அப்படியானால் சராசரிப் பகுதியால் ஆபத்தே இல்லையா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 250 மெகாபாஸ்கலில் இளகும் மென் எஃகுத் தண்டில் ஆழமான வெட்டுப்பள்ளம் ஒன்று இருக்கிறது. பள்ளத்துக்குச் சற்று உள்ளே பொருள் பக்கவாட்டில் ஒடுங்க முடியாமல் மாட்டிக்கொள்வதால் மூன்று திசையிலும் இழுப்பு உண்டாகிறது. உதாரணத்துக்கு 500, 260, 260. சராசரி 340. விலகிய பகுதி 160, −80, −80. மீசஸ் மதிப்பு வெறும் 240. கணினியில் வண்ணப்படம் பார்ப்பவர் ‘சரி, இன்னும் இளகவில்லை’ என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் இளகும் எல்லையைப் போல இரு மடங்கு இழுப்பு அங்கே நிற்கிறது. இளகி விட்டுக்கொடுக்க வழியில்லாத இடத்தில், குறிப்பாகக் குளிரில், எஃகு பிளவுபட்டு உடையும். குளிர் இல்லாமல் இளகத் தொடங்கிவிட்டாலும், சராசரி இழுப்பு உள்ளே இருக்கும் நுண்துளைகளைப் பெரிதாக்கி முறிவை விரைவுபடுத்தும். மீசஸ் படத்தோடு சராசரித் தகைவின் படத்தையும் திறந்து பார்க்காமல் இது தெரியவராது.

மண், பாறை, கான்கிரீட் ஆகியவற்றில் கதை வேறு. அங்கே துகள்களுக்கிடையே உராய்வு உண்டு. அழுத்தம் கூடினால் சறுக்க அதிகத் தகைவு வேண்டும். அதனால் 1952-இல் ட்ரக்கரும் பிராகரும் தந்த விதியில் சராசரித் தகைவும் இளகும் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? புள்ளியியல் பாடத்தில் ‘திட்ட விலக்கம்’ ஏற்கெனவே பழகிய சொல். அங்கும் சராசரியிலிருந்து விலகுவதுதான் பொருள். ஆகவே ‘விலக்கத் தகைவு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ‘திரிபுத் தகைவு’ வேண்டாம். ‘ஸ்ட்ரெயினு’க்குத் திரிபு என்று பெயர் வைத்துவிட்டோம், குழப்பம் வரும். மற்றப் பகுதியை ஆங்கிலத்தில் ‘ஹைட்ரோஸ்டேட்டிக்’ என்பார்கள். கிரேக்கத்தில் நீரும் நிற்றலும் சேர்ந்த சொல். அசையாத நீர் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் வந்த பெயர். ஆனால் பள்ளத்துக்குள் இருப்பது அழுத்தமல்ல, இழுப்பு. அதற்கு நீரின் பெயர் பொருந்தாது; ‘சராசரித் தகைவு’ இரண்டுக்கும் பொருந்தும்.